முன்பக்க ஹெட்போன் துளை மட்டும் பேசவில்லை

காட்பாடி வீட்டில் என் பழைய கேபினெட்டுக்குள் புது மதர்போர்டு மாட்டிய பிறகு, ஹெட்போனைப் பின்பக்கத் துளையில் செருகினால் பாட்டு கேட்டது. முன்பக்கத்தில் செருகினால் சத்தமே இல்லை. டிரைவரை இரண்டு முறை மாற்றிப் போட்டேன், அரைநாள் வீண்.

செருகியதும் விண்டோஸ் எதையுமே கண்டுகொள்ளவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். சரி, ஒயரில்தான் கோளாறு என்று கரண்ட்டைப் பிடுங்கிவிட்டுக் கேபினெட்டைத் திறந்தேன்.

முன்பக்க ஆடியோ ஒயரின் நுனியில் இரண்டு பிளக்குகள் இருந்தன. ஒன்றில் எச்டி ஆடியோ, மற்றொன்றில் ஏசி 97 என்று எழுதியிருந்தது. இரண்டுமே போர்டில் உள்ள 9 பின்களில் கச்சிதமாக உட்காரும். எட்டாவது பின் இருக்காது, பிளக்கிலும் அந்த ஓட்டை அடைபட்டிருக்கும். நான் ஏசி 97-ஐச் செருகியிருந்தேன். ஹெட்போன் செருகப்பட்டதைச் சொல்லும் கம்பி அதில் கிடையாது.

அதைக் கழற்றிவிட்டு எச்டி பிளக்கைச் செருகியதும் முன்பக்கத்திலும் சத்தம் வந்தது.

கேபினெட்டில் ஏசி 97 மட்டும்தான் என்றால், ரியல்டெக் ஆடியோ மேனேஜரில் `Disable front panel jack detection` இருந்தால் டிக் செய்து பாருங்கள். ஆனால் ஹெட்போனைச் செருகினாலும் பின்பக்க ஸ்பீக்கர் தானாக அடங்காது.