திரையில் தெரியும் எண் யாருடையது? வாடிக்கையாளர் சேவைக் குழுவுக்கு ஒரு பயிற்சி

சென்னையிலிருந்து சிங்கப்பூர், இலங்கை, கனடா, துபாய் என்று பட்டுப்புடவை அனுப்பும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். நான்கைந்து பேர் தொலைபேசியில் வாடிக்கையாளர்களைக் கவனிக்கிறார்கள். அழைப்பு வந்ததும் எண்ணைப் பார்த்து நாட்டைச் சொல்லவும், அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று முடிவெடுக்கவும் இவர்களுக்குக் கற்றுத் தர வேண்டும். இரண்டும் வேறு வேறு பாடங்கள். முதலாவதை ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

படி 1: உங்கள் திரை எண்ணை எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள்

பயிற்சியைத் தொடங்கும் முன், வெளிநாட்டில் இருக்கும் தெரிந்தவர்களை அலுவலக எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். ஒரே சிங்கப்பூர் எண் ஒரு நிறுவனத்தின் திரையில் +65 என்றும், இன்னொன்றில் 0065 என்றும், மற்றொன்றில் வெறும் 65 என்றும் தொடங்கலாம். இடையில் உள்ள தொலைபேசி இணைப்பகங்கள் கூட்டல் குறியை உதிர்த்துவிடுவது உண்டு. உங்கள் திரையில் அந்தக் குறி வரவில்லை என்றால், சேவை வழங்குநரிடம் சொல்லி முழு எண்ணும் + குறியோடு வருமாறு அமைக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பது வீண் வேலை.

படி 2: இடமிருந்து படியுங்கள், பிறகு இலக்கங்களை எண்ணுங்கள்

நாட்டுக் குறியீடு ஒன்று முதல் மூன்று இலக்கங்கள் கொண்டது. + குறிக்குப் பின் 1 அல்லது 7 வந்தால் அந்த ஒரே இலக்கம்தான் குறியீடு. மற்றவை இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள். எல்லா நாடுகளையும் குழு நினைவில் வைக்க வேண்டியதில்லை. உங்கள் வாடிக்கையாளர்கள் வாழும் நாடுகள் போதும்: இந்தியா 91, இலங்கை 94, சிங்கப்பூர் 65, மலேசியா 60, பிரிட்டன் 44, ஐக்கிய அரபு அமீரகம் 971.

+1 என்றதும் அமெரிக்கா என்று எழுதிவிடக் கூடாது. கனடாவும் ஜமைக்கா போன்ற பல கரீபியத் தீவுகளும் அதே குறியீட்டில்தான் இருக்கின்றன. அடுத்த மூன்று இலக்கங்களைப் பார்த்தால்தான் தெரியும்: 416 என்றால் டொராண்டோ, 876 என்றால் ஜமைக்கா. +7இலும் இப்படியே, ரஷ்யாவும் கசகஸ்தானும் ஒன்றாக இருக்கின்றன.

குழப்பம் வருவது கூட்டல் குறி இல்லாதபோதுதான். இந்த மூன்று மாதிரி எண்களைக் கரும்பலகையில் எழுதி, எந்த நாடு என்று கேளுங்கள்:

```
9477123456
94771234567
6591234567
```

முதலாவதில் பத்து இலக்கங்கள்; 9இல் தொடங்குகிறது; இந்திய செல்போன் எண்ணின் அமைப்பு. இரண்டாவதில் ஒரே ஒரு இலக்கம் கூடுதல், அதுவே அதை இலங்கைக்குக் கொண்டுபோகிறது: 94, அதன்பின் 77இல் தொடங்கும் ஒன்பது இலக்க செல்போன் எண். மூன்றாவதுதான் பாடம். சிங்கப்பூர் எண்ணில் 65க்குப் பின் எட்டு இலக்கங்கள், ஆக மொத்தம் பத்து. இந்திய செல்போன் எண்களும் பத்து இலக்கங்கள், 6இலும் தொடங்கும். எண்ணிப் பார்த்தும் இங்கே பயனில்லை. கூட்டல் குறி இல்லாமல் இதற்கு விடை கிடையாது. "தெரியவில்லை" என்று பதிவு செய்வதுதான் சரி. சென்னையின் 044ஐ பிரிட்டனின் +44 என்று படிப்பதும் இதே வகைத் தவறு. ஒரு சுழியம் முன்னால் இருந்தால் உள்ளூர், இரண்டு இருந்தால் வெளிநாடு.

படி 3: குறியீடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

+65 என்பது அந்த எண் சிங்கப்பூரின் எண் வரிசையைச் சேர்ந்தது என்று மட்டுமே சொல்கிறது. பேசுபவர் ரோமிங்கில் மதுரையில் இருக்கலாம். துபாயிலிருந்து பேசுகிறேன் என்பவரின் எண் +91 என்று வருவதும் இயல்பே. இதைச் சந்தேகத்துக்குக் காரணமாக்கினால் நல்ல வாடிக்கையாளர்களைத்தான் புண்படுத்துவோம்.

படி 4: எண்ணை எப்படிப் போலியாக்குகிறார்கள்

இணையவழித் தொலைபேசியில், அழைப்பவர் எண் என்பது அழைப்போடு அனுப்பப்படும் ஒரு வரித் தகவல். அழைப்பைத் தொடங்கும் கருவியே அதை நிரப்புகிறது. அழைப்பை முதலில் பெறும் தொலைபேசி நிறுவனம் சரிபார்க்காமல் விட்டால், நிரப்பிய எண் அப்படியே உங்கள் திரைக்கு வந்து சேரும். அமெரிக்காவில் 2021 ஜூன் 30 முதல், இணையவழி அழைப்புகளின் எண்ணுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடும் முறையைப் பெரிய நிறுவனங்கள் பின்பற்ற வேண்டும் என்று விதி உண்டு. இந்தியாவில் 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை வேறொரு தடுப்பைக் கொண்டுவந்தது. வெளிநாட்டிலிருந்து இந்திய செல்போன் எண்ணோடு ஓர் அழைப்பு வந்தால், அந்த எண்ணுக்குரியவர் உண்மையில் ரோமிங்கில் இருக்கிறாரா என்று பார்த்து, இல்லையென்றால் துண்டிக்கும். ஆனால் போலியான +65 எண்ணை இந்த முறையால் கண்டுபிடிக்க முடியாது. நம் கடைக்கு வரும் ஆபத்து அங்கேதான்.

சில போலிகள் தாமாகவே மாட்டிக்கொள்ளும். +91க்குப் பின் பத்துக்குப் பதில் ஒன்பது இலக்கங்கள் இருப்பது, உங்கள் கடையின் சொந்த எண்ணே வெளியிலிருந்து உங்களை அழைப்பது போன்றவை. ஆனால் கெட்டிக்காரர் இப்படி வரமாட்டார். உங்கள் வாடிக்கையாளரின் சரியான எண்ணையே போட்டுக்கொண்டு வருவார். கணினி அந்த எண்ணைக் கண்டதும் வாடிக்கையாளரின் பெயரையும் ஆர்டரையும் தானாகத் திறந்து வைத்துவிடும். ஊழியர் "வணக்கம் மீனா அம்மா" என்று ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெயரை நாம் சொல்லக் கூடாது, அவரையே கேட்க வேண்டும்.

படி 5: நடித்துப் பழகுங்கள்

மேற்பார்வையாளர் வாடிக்கையாளராகப் பேசட்டும். திரையில் +65 எண், பதிவு திறந்திருக்கிறது. ரத்தான ஆர்டரின் பணத்தை வேறொரு வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார்.

"சரி அம்மா. இதைச் செய்வதற்கு முன் பதிவில் உள்ள உங்கள் எண்ணுக்கு நாங்களே கூப்பிடுகிறோம். இப்போது வைத்துவிடுகிறேன்."

"அந்த போனில் சார்ஜ் இல்லையே தம்பி. வேறு நம்பர் தருகிறேன், அதில் கூப்பிடுங்கள்."

இந்த இடத்தில் நடிப்பை நிறுத்திக் குழுவைக் கேளுங்கள். இப்போது அவர் பேசுவதாகத் திரை காட்டுவது அதே போனில்தானே? சார்ஜ் இல்லாத போனில் எப்படிப் பேசுகிறார்? திரையில் உள்ள எண் உண்மையானால், வைத்தவுடன் அது அவர் கையிலேயே ஒலிக்க வேண்டும். போலி எண்ணிலிருந்து வந்தவர் திரும்ப வரும் அழைப்பை எடுக்க முடியாது; அது உண்மையான மீனா அம்மாவுக்குத்தான் போகும்.

விதி இரண்டே வரி: தகவல் சொல்லும் முன் பெயரையும் ஆர்டர் எண்ணையும் அவரையே சொல்ல வையுங்கள். பணம், முகவரி, மின்னஞ்சல் மாற்றம் என்றால், பதிவில் உள்ள எண்ணுக்குத் திரும்ப அழைக்காமல் செய்யாதீர்கள்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. பதிவில் உள்ள எண்ணே அண்மையில்தான் மாற்றப்பட்டது என்றால் திரும்ப அழைப்பதில் பொருளில்லை. மாற்ற வரலாற்றைப் பாருங்கள். அவருடைய சிம் கார்டையே வேறொருவர் மாற்றி வாங்கியிருந்தாலும் அழைப்பு அந்த வேறொருவருக்கே போகும், எனவே பெரிய தொகைக்கு மின்னஞ்சல் வழியாகவும் உறுதிசெய்யுங்கள். ஓடிபி அனுப்பினால், எதற்கான ஓடிபி என்று செய்தியிலேயே எழுதுங்கள். மோசடிக்காரர் இன்னொரு போனில் வாடிக்கையாளரிடம் கடைக்காரர்போலப் பேசி அதைக் கேட்டு வாங்கக்கூடும். "வங்கிக் கணக்கை மாற்ற" என்ற சொற்களைப் பார்த்தால் அவர் தயங்குவார்.

படி 6: போலி என்று தெரிந்தபின்

அழைப்பு வந்த நேரம், திரையில் தெரிந்த எண், உங்கள் எந்த எண்ணுக்கு வந்தது என்பதைக் குறித்துச் சேவை வழங்குநரிடம் கொடுங்கள். அழைப்பு எந்த வழியாக வந்தது என்று தேட அவர்களுக்கு இவை வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு பகுதியிலும் புகார் செய்யலாம். பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

திரையில் தெரிந்த எண்ணைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அது மீனா அம்மாவின் எண். தடை செய்தால் நாளை அவர் அழைக்கும்போது மணியே அடிக்காது. அவருக்கு நடந்ததைச் சொல்லி, அடுத்து அழைப்பை எடுப்பவருக்குத் தெரியும்படி பதிவில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.