கடைசிக் கப் எத்தனை மணிக்கு? டீ, காபியில் மாணவர்களும் இரவு டியூட்டிக்காரர்களும் செய்யும் தவறுகள்

அக்டோபர், நவம்பர் வந்துவிட்டால் டர்பனில் மேட்ரிக் பரீட்சை எழுதும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் நள்ளிரவிலும் கெட்டில் கொதிக்கும். மருத்துவமனையிலும் துறைமுகத்திலும் இரவு டியூட்டி பார்ப்பவர்களுக்கு வருஷம் முழுக்க அதே கதைதான். எத்தனை கப் குடித்தோம் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். கடைசிக் கப்பை எத்தனை மணிக்குக் குடித்தோம் என்பதை யாரும் பார்ப்பதில்லை. தூக்கத்தைக் கெடுப்பதில் அந்த நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பழக்கம் ஒன்றே ஒன்றுதான். படுக்கப்போகும் நேரத்துக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் முன்னதாகக் காஃபீனை நிறுத்திவிடுங்கள். இதற்குக் காரணமும் ஒன்றுதான். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரத் தூக்கம் கண்ணைச் சுற்றும். காஃபீன் அடினோசினைக் குறைப்பதில்லை, அது போய் ஒட்டவேண்டிய இடங்களை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தக் காஃபீன் பாதியாகக் குறையவே பெரியவர்களுக்குச் சராசரியாக 5 மணி நேரம் பிடிக்கிறது. மீதிப் பாதி அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும்.

"நான் டீ குடித்த கையோடு தூங்கிவிடுவேன், எனக்கு ஒன்றும் செய்யாது" என்பது அதிகம் கேட்கும் பேச்சு. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் கொடுத்துப் பார்த்தார்கள். கருவியில் பதிவான தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஆனால் ஆய்வில் கலந்துகொண்டவர்களே எழுதிய தூக்கக் குறிப்பில் அந்த இழப்பு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே, தூக்கம் வந்துவிட்டது என்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வரவேண்டாம். 400 மில்லிகிராம் என்பது நான்கைந்து கப் காபி. ஒரே ஒரு டீ அந்த அளவுக்குச் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த தவறு, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது. "சாயங்காலத்துக்கு மேல் காபி இல்லை" என்ற விதி இரவு 11 மணிக்குப் படுக்கும் மாணவனுக்குச் சரி. அவனுக்கு எல்லை மாலை 5 மணி. காலையில் படுக்கும் ஒருவருக்கு அதே விதியால் ஒரு பயனும் இல்லை.

சாட்ஸ்வொர்த்தில் இருந்து இரவு டியூட்டிக்குப் போகும் ஒரு நர்ஸ் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். டியூட்டி மாலை 7 முதல் காலை 7 வரை, வீட்டுக்கு வந்து குளித்துப் படுக்க 8.30 ஆகும். அவர் இரவு 8 மணிக்கு ஒரு காபி, 12 மணிக்கு ஒரு காபி குடிக்கிறார். விடியற்காலை 4.30க்குக் கண் செருகும்போது அரை லிட்டர் எனர்ஜி டிரிங்க் ஒன்றைத் திறக்கிறார். காபி ஒன்றுக்கு 80 மில்லிகிராம், அந்த டின்னுக்கு 160 என்று வைத்துக்கொள்வோம். 5 மணி நேரத்தில் பாதி என்ற கணக்கில், 8.30க்குப் படுக்கும்போது டின்னில் இருந்து மட்டும் சுமார் 90 பாக்கி. இரண்டு காபியும் சேர்ந்து இன்னொரு 40. மொத்தம் 130. அதாவது, ஒன்றரைக் கப் காபியை அப்போதுதான் குடித்துவிட்டுத் தலையணையில் தலை சாய்ப்பதற்குச் சமம்.

அதே அக்கா இரண்டு காபியையும் அப்படியே வைத்துக்கொண்டு, எனர்ஜி டிரிங்குக்குப் பதில் 1.30க்கு ஒரு டீயோடு நிறுத்தினால் என்ன ஆகும்? டீயில் 45 மில்லிகிராம் என்று வைத்தால், படுக்கும்போது மொத்தப் பாக்கி 60க்குள் நிற்கும். குடிப்பதை நிறுத்தவில்லை, டியூட்டியின் முதல் பாதிக்கு நகர்த்தினார், அவ்வளவே. 2.30க்குப் பிறகு கையில் சூடாக ஏதாவது வேண்டும் என்றால் நம் நாட்டிலேயே விளையும் ரூய்போஸ் இருக்கிறது, அதில் காஃபீன் கிடையாது. டியூட்டி மாறும் வாரத்தில் எல்லையும் மாறும். அதனால் டியூட்டி அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே கடைசிக் கப் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்கிறேன். காலை 7 மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு காரை எடுக்காதீர்கள். யாரையாவது கூட்டிப்போகச் சொல்லுங்கள், இல்லையென்றால் கிளம்பும் முன் பாதுகாப்பான இடத்தில் 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். வேறு வழியே இல்லாமல் ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால் அந்தக் காபியைக் குடியுங்கள், அன்றைய தூக்கம் கெட்டால் கெடட்டும். காபி குடித்தும் கண் செருகினால் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள்.

மாணவர்கள் பக்கம் வந்தால், எனர்ஜி டிரிங்கைக் கணக்கிலேயே சேர்க்காததுதான் பெரிய சிக்கல். ராத்திரி 9 மணிக்கு அதே அரை லிட்டர் டின் ஒன்றைக் குடித்து 12 மணிக்குப் படுக்கும் பிள்ளையின் உடம்பில் இன்னும் 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். காலையில் தலை கனக்கும், 9 மணிப் பரீட்சைக்கு இன்னொரு டின் திறக்கும். இந்த வயதில் அதையே தவிர்ப்பது நல்லது என்பது என் எண்ணம். டின்னின் பின்பக்கத்தில் 100 மில்லிக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும், டின்னில் எத்தனை நூறு மில்லி இருக்கிறதோ அதனால் அதைப் பெருக்கிப் பாருங்கள். இன்ஸ்டன்ட் காபியில் சிக்கரி நிறையக் கலந்த ரகமும் உண்டு. சிக்கரியில் காஃபீன் இல்லாததால் அந்தக் கப்பில் குறைவாகவே இருக்கும்.

எல்லோருக்கும் ஆறு மணி நேரம் பொருந்துமா? பொருந்தாது. கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் காஃபீன் வெளியேற இன்னும் நேரமாகும், அவர்கள் எல்லையை இன்னும் முன்னால் தள்ள வேண்டும். இந்தப் பழக்கம் எந்த நோய்க்கும் மருந்தல்ல. வாரக்கணக்கில் தூக்கமே வராவிட்டாலோ, தூக்கத்தில் பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, நிறையக் குடிப்பவர்கள் ஒரே நாளில் மொத்தமாக நிறுத்துவது. அப்படி நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், சிலருக்கு ஒரு வாரம்கூட நீடிக்கும். உடனே கடையில் தலைவலிப் பொடி ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். நம் ஊரில் விற்கும் தலைவலிப் பொடிகள் சிலவற்றில் காஃபீனும் சேர்ந்திருக்கிறது. படுக்கும் நேரத்தில் போட்டுக்கொண்டால் இவ்வளவு பாடுபட்டு நிறுத்தியது திரும்ப உள்ளே போகும். பாக்கெட்டில் உள்ள பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். நாளுக்கு அரைக் கப், ஒரு கப் என்று குறைத்து, கடைசிக் கப்பை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டே வந்தால் அந்தத் தலைவலி பெரும்பாலும் வராது, வந்தாலும் லேசாகவே இருக்கும்.