டிராவல் ஏஜென்ட் போனில் சொன்னதைக் குறிப்பெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபீஸில் யார் எங்கே கிளம்பினாலும் டிராவல் ஏஜென்டிடம் பேசி, பேசியதை ஒரு பக்கமாகச் சுருக்கி, போகிறவருக்கு அனுப்புவது பல வருஷமாக என் வேலை. பயணத்திட்டம், செலவு, எதெல்லாம் சேர்த்தி, ரத்து செய்தால் என்ன ஆகும் என்று நான்கு தலைப்பு, அவ்வளவுதான். போன வாரம் புதிதாகச் சேர்ந்தவர் எழுதிய குறிப்பைப் பார்த்தேன். மற்ற மூன்றும் அழகாக இருந்தன. ரத்து என்ற தலைப்பின் கீழே மட்டும் ஒரே வரி: "30 நாள் வரை 25%, 15 நாள் வரை 50%, அதற்குப் பிறகு கிடையாது." ஒரு காலத்தில் நான் எழுதிய அதே வரி, ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து. அதனால்தான் இதை எழுதுகிறேன். பெயரில் எழுத்துப்பிழை, தேதி மாறிப்போவது மாதிரி எல்லாருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

ரத்து விதியைச் சதவீதத்தோடு நிறுத்திவிடுவது

அந்த ஒரு வரியால் எங்கள் ஆபீஸ்காரர் ஒருவரின் குடும்பம் எவ்வளவு இழந்தது என்று சொல்கிறேன். கணக்கு எளிதாக இருக்க மொத்தத் தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் அதுவரை கட்டியிருந்தது 60. விமானம் ஜூன் 9 இரவு, போய் இறங்குவது ஜூன் 10 காலை. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, மே 10 அன்று ஏஜென்டுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னார்கள். "சரி சார், ஒரு மெயில் போட்டுடுங்க" என்றார் அவர். மெயில் மறுநாள் போனது.

அவர்கள் கையில் இருந்தது என் குறிப்பு. பயணம் தொடங்குவது ஜூன் 10, இன்னும் 31 நாள் இருக்கிறது, 25% பிடிப்பார்கள், கட்டிய 60-ல் 15 போனால் 45 திரும்பும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வந்தது 10.

ஏஜென்ட் ஏமாற்றவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். அவருடைய விதிப்படி எல்லாம் சரி. பிடித்தம் என்பது கட்டிய தொகையில் அல்ல, மொத்தத் தொகையில். நாள் எண்ணுவது ஊரில் இறங்கும் தேதியிலிருந்து அல்ல, விமானம் கிளம்பும் தேதியிலிருந்து. ரத்தான நாள் என்பது போனில் சொன்ன நாள் அல்ல, மெயில் வந்த நாள். மே 11-லிருந்து ஜூன் 9-க்கு 29 நாள்தான், ஆகவே அடுத்த படிக்கு இறங்கிவிட்டது: 100-ல் 50 பிடித்தம், 60 கட்டியவருக்கு மீதி 10. மே 10 அன்றே மெயில் போயிருந்தால் சரியாக 30 நாள், 25 மட்டும் பிடித்து 35 கொடுத்திருப்பார்கள். அதாவது 45-க்கும் 35-க்கும் நடுவில் உள்ள 10 அவர்கள் போட்ட தப்புக்கணக்கு, எப்படியும் வந்திருக்காது. மிச்சம் 25 முழுக்க முழுக்க ஒரு நாள் தாமதத்தின் விலை. மெயில்தான் கணக்கு என்று நான் எழுதியிருந்தால் அந்தத் தாமதமே நடந்திருக்காது.

நல்லவேளை, விமான டிக்கெட் அப்போது எடுத்திருக்கவில்லை. எடுத்துவிட்டால் அது பெரும்பாலும் இந்தப் படிக்கணக்கிலேயே வராது, விமான நிறுவனத்தின் விதி தனி. ஒரே தொகையாக விலை சொன்னாலும் ரத்து என்று வரும்போது டிக்கெட் ஒரு பக்கம், ஓட்டல், வண்டி ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும்.

ஆகவே இப்போது ஏஜென்ட் சதவீதம் சொன்னவுடனே காலண்டரைத் திறந்துவிடுகிறேன். எதில் இத்தனை சதவீதம், எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறீர்கள், எப்படிச் சொன்னால் ரத்து என்று ஏற்பீர்கள், 30-ஆவது நாள் எந்தப் படியில் விழும் என்று அவர் லைனில் இருக்கும்போதே கேட்டு, நாள்கணக்கைத் தேதியாக மாற்றி அவருக்கே வாசித்துக் காட்டுவேன். அந்தப் பயணத்துக்கு நான் எழுதியிருக்க வேண்டிய வரி இதுதான்: "மே 10-க்குள் மெயில் போய்ச் சேர்ந்தால் மொத்தத்தில் 25 பிடித்தம், 60 கட்டியிருந்தால் 35 திரும்பும். மே 11 முதல் மே 25 வரை 50 பிடித்தம், 10 திரும்பும். அதற்குப் பிறகு எதுவும் வராது. போனில் சொன்னால் போதாது. டிக்கெட் எடுத்தபின் அதற்குத் தனி விதி." நீளம்தான், ஆனால் அவசரத்தில் படிப்பவர் கணக்குப் போட வேண்டியதில்லை. ஏதாவது ஒன்றைக் கேட்க மறந்துவிட்டால் அந்த இடத்தில் "கேட்கவில்லை" என்றே எழுதுங்கள். காலியாக விட்டால் படிக்கிறவர் தனக்குச் சாதகமாக நிரப்பிக்கொள்வார், அவர்கள் நிரப்பியது போல.

"ஒன்பதாம் தேதி ராத்திரி பன்னிரண்டரை"

இப்படித்தான் போனில் சொல்வார்கள். எட்டு முடிந்து ஒன்பது பிறக்கும் ராத்திரியா, ஒன்பது முடிந்து பத்து பிறக்கும் ராத்திரியா? தப்பாக எழுதினால் விமானம் போய் ஒரு நாள் கழித்துத்தான் ஏர்போர்ட்டுக்குப் போவீர்கள். எது என்று கேட்டு, பத்து பிறக்கும் ராத்திரி என்றால் "10-ம் தேதி 00.30" என்று எழுதி, "9-ம் தேதி இரவே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்" என்று பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். அதோடு "6 இரவு" என்று சொன்னால் விமானத்தில் கழியும் இரவும் அதில் சேர்த்தியா என்று கேளுங்கள். விடிகாலை 5 மணிக்கு இறங்குகிறவருக்கு ஓட்டல் அறை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். இறங்கியதும் அறை வேண்டும் என்றால் முந்தின இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

"எல்லாம் இன்க்ளூடட் சார்"

இதை அப்படியே எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது மேல். "கோட்டை பார்க்கிறோம்" என்றால் வண்டி கோட்டை வாசல் வரை போகும் என்றும் அர்த்தம், நுழைவுக் கட்டணமும் சேர்த்தி என்றும் அர்த்தம். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: "அங்கே போன பிறகு நாங்கள் கையிலிருந்து எதற்கெல்லாம் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்?" சேர்த்தி எது என்று கேட்டால் விளம்பரம் வரும், இதைக் கேட்டால் பட்டியல் வரும். மதியச் சாப்பாடு, நுழைவுச்சீட்டு, டிப்ஸ், விசா, பெட்டிக்கான கட்டணம் என்று ஒவ்வொன்றாக அப்போதுதான் வெளியே வரும். சேராதவை என்று தனியாக எழுதி வையுங்கள்.

தலைக்கு இவ்வளவு

இருவர் ஓர் அறையில் தங்கினால்தான் அந்த விலை. தனியாகப் போகிறவருக்குக் கூடும். குழந்தைக்குத் தனிக் கட்டில் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தும் மாறும்.

"பார்த்துச் சொல்றேன்" என்பதை "உண்டு" என்று எழுதுவது

ஓட்டல் பெயரைச் சொன்னார் என்றால் அறை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. உறுதியானதா, பிடித்து வைத்திருக்கிறாரா, பிடித்திருந்தால் எத்தனை மணி வரை, இல்லை வெறும் யோசனைதானா என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதுங்கள். சொன்ன விலைக்கும் இது பொருந்தும்.

குறிப்பை ஏஜென்டுக்கே அனுப்பாமல் விடுவது

போன் வைத்த அரை மணி நேரத்துக்குள் அனுப்பி, "தப்பு இருந்தால் திருத்தி அனுப்புங்கள், சரி என்றால் சரி என்று பதில் போடுங்கள்" என்று கேளுங்கள். பதில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.