கையால் எழுதிய வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைச் சரிபார்ப்பது எப்படி?

திருகோணமலையில் வலையும் கயிறும் விற்கும் கடையொன்றின் யூலை மாதக் கூற்று போன வாரம் என் மேசைக்கு வந்தது. நீல மையில் அழகான எழுத்து. அடியில் இரட்டைக் கோடும் இருந்தது. எண்கள் இவை:

காசேட்டு மீதி 318,400
நேரடி வைப்பு + 60,000
வங்கிக் கட்டணம் − 1,500
மறுக்கப்பட்ட காசோலை + 35,000
சமர்ப்பிக்கப்படாத காசோலை + 48,200
தேறாத வைப்பு − 82,000
சீராக்கம் − 42,500
வங்கிக்கூற்று மீதி 335,600

கூட்டிக் கழித்தால் சரியாகத்தான் வருகிறது. ஆனால் "சீராக்கம்" என்ற வரிக்குத் திகதியும் இல்லை, காசோலை இலக்கமும் இல்லை. இப்படி ஒரு வரியைக் கண்டால் அதுதான் கண்டுபிடிக்கப்படாத வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவரை உடனே குற்றம் சொல்ல வேண்டாம்; மாத முடிவில் நேரம் போதாமல் பலரும் செய்வதுதான் இது. பென்சிலால் அந்த வரியை வெட்டிவிட்டுத் தொடங்குங்கள். இப்போது கூற்று 378,100 இல் நிற்கும். வங்கிக்கூற்றைவிட 42,500 ரூபா கூட.

முதற்படி: போன மாதக் கூற்றை எடுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் காசேட்டையும் வங்கிக்கூற்றையும் மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். யூன் மாதக் கணக்கிணக்கக் கூற்றும் கட்டாயம் வேண்டும். அதில் நிலுவையாக நின்ற ஒவ்வொன்றும் யூலை வங்கிக்கூற்றில் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் யூலைக் கூற்றில் மறுபடி எழுதப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது வழி பொதுவாக இல்லை.

வங்கிக்கூற்றிலும் காசேட்டிலும் ஒத்துப்போவதற்குச் சிவப்புப் பேனாவால் சரி போடுங்கள். போன மாத நிலுவை வங்கியில் தேறியிருந்தால் பச்சையால் போடுங்கள். தொகையை மட்டும் பார்த்துச் சரி போடாமல் காசோலை இலக்கத்தையும் பாருங்கள். ஒரே விநியோகத்தருக்கு ஒரே தொகையில் இரண்டு காசோலை போவது சாதாரணம்.

இந்தக் கடையில் யூன் 26 இல் கொழும்பு விநியோகத்தருக்கு எழுதிய 27,500 ரூபாக் காசோலைக்கு எந்த நிறமும் விழவில்லை. யூலை வங்கிக்கூற்றில் அது இல்லை. யூலைப் பட்டியலிலும் இல்லை. யூலைக் காசேட்டை மட்டும் பார்த்துப் பட்டியல் எழுதியதால் யூன் காசோலை நழுவிவிட்டது. அதைச் சமர்ப்பிக்கப்படாத காசோலைகளோடு சேர்த்தால் கூற்று 405,600 ஆகும். வித்தியாசம் 70,000 ஆகக் கூடிவிடும்.

கூடியதைக் கண்டு பயந்து திருத்தத்தை அழித்துவிடாதீர்கள். ஒரு பிழை மற்றதை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம்படி: வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள்

கழிக்க வேண்டியதைக் கூட்டினால் பிழை இருமடங்காகும். ஆகவே 70,000 இன் பாதியான 35,000 கூற்றில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். மறுக்கப்பட்ட காசோலை வரியில் அப்படியே இருக்கிறது. முதலில் இருந்த 42,500 ஐப் பாதியாக்கியிருந்தால் 21,250 வந்திருக்கும். அப்படியொரு தொகை எங்கும் இல்லை. அதனால்தான் விடுபட்டவற்றை முதலில் தேடச் சொல்கிறேன். ஒரேயொரு குறிப் பிழை மிஞ்சியிருக்கும்போதுதான் இந்த வழி பலன் தரும்.

பாதித் தொகை கிடைத்துவிட்டது என்பதற்காகக் குறியை மாற்றிவிடவும் கூடாது. தற்செயலாகவும் ஒத்துப்போகலாம். காரணத்தைப் பாருங்கள்.

மூதூர் வாடிக்கையாளர் தந்த காசோலையைக் கடை ஏற்கெனவே பெறுவனவாகக் காசேட்டில் வரவு வைத்துவிட்டது. வங்கி அதைத் திருப்பியபோது தன் கூற்றில் "டெபிட்" நிரலில் காட்டியது. டெபிட் என்றால் வரவு, வரவு என்றால் கூட்டல் என்று எழுதியவர் நினைத்திருக்கிறார். வங்கிக்கூற்றோ வங்கியின் பார்வையில் எழுதப்படுவது. அதில் டெபிட் விழுந்தால் நம் பணம் குறைகிறது. நம் காசேட்டில் அது செலவுப் பக்கம் போக வேண்டும்.

இந்தக் குழப்பம் வராமலிருக்க நான் ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: "காசேட்டு மீதியிலிருந்து வங்கி மீதிக்குப் போக, இது என்ன செய்ய வேண்டும்?" சமர்ப்பிக்கப்படாத காசோலையை நாம் கழித்துவிட்டோம், வங்கி இன்னும் கழிக்கவில்லை; ஆகவே கூட்ட வேண்டும். தேறாத வைப்பை நாம் கூட்டிவிட்டோம், வங்கி கூட்டவில்லை. ஆகவே கழிக்க வேண்டும். கூற்று வங்கி மீதியில் தொடங்கியிருந்தால் இவ்விரண்டின் குறிகளும் மாறும். எங்கே தொடங்கியது என்பதை முதல் வரியிலேயே பார்த்துவிடுங்கள்.

மூன்றாம்படி: திருத்தி எழுதுங்கள்

முதலில் காசேட்டைத் திருத்துங்கள். 318,400 உடன் 60,000 ஐக் கூட்டி, 1,500 ஐயும் 35,000 ஐயும் கழித்தால் 341,900. பரீட்சை மீதிக்குப் போக வேண்டியது இந்த எண்தான். அதனுடன் 48,200, 27,500 ஆகிய இரண்டு காசோலைகளையும் கூட்டி, தேறாத 82,000 ஐக் கழித்தால் 335,600 வரும். சீராக்க வரிக்கு வேலையே இல்லை.

யூலை 31 மாலை வைப்புச் செய்த அந்த 82,000 ஓகஸ்ட் முதல் வாரத்தில் வங்கியில் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விழாவிட்டால் வைப்புச் சீட்டைக் கேளுங்கள். 27,500 காசோலைக்கு விநியோகத்தரை அழையுங்கள். எழுதி ஆறு மாதம் கடந்தால் வங்கி அதை ஏற்காது. மூதூர் வாடிக்கையாளரின் கணக்கில் 35,000 ஐ மறுபடி வரவு வையுங்கள். அதை மறந்தால் கூற்று சரியாக இருக்கும், ஆனால் அவர் கடனை அடைத்துவிட்டதாகவே பேரேடு காட்டிக்கொண்டிருக்கும்.