சிமெண்ட் புண்: பகலில் பட்டது இரவில் எரிவது ஏன், வேலையில் என்ன செய்ய வேண்டும்

தளம் போடும் நாளில் அடிக்கடி நடப்பது இது. காலை பத்து மணிக்குக் காங்கிரீட்டை இழுத்துவிடும்போது கம்பூட்டின் மேல்விளிம்பு வழியாகக் கொஞ்சம் கலவை உள்ளே போய்விடும். சில்லென்று இருக்குமே தவிர வலிக்காது. தளம் முடியும்வரை நிறுத்த முடியாதென்று அப்படியே மாலைவரை நின்றுவிடுவார்கள். வீட்டுக்குப் போய்க் கழுவினால் கணுக்கால் சிவந்திருக்கும், இரவில் எரிச்சல் தூங்கவிடாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ கொப்புளம் உடைந்து, அந்த இடம் கறுத்தோ வெளுத்தோ ஆழமான புண்ணாகிவிடும்.

சிமெண்டில் தண்ணீர் சேர்ந்ததும் கால்சியம் ஹைட்ராக்சைடு உருவாகிறது. நீற்றிய சுண்ணாம்பும் இதேதான். நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, அமிலமா காரமா என்று காட்டும் pH எண் அதற்குச் சுமார் 5. ஈரக் கலவையோ கடுமையான காரம், அதன் pH 12-க்கு மேல். ஓர் எண் கூடினால் பத்து மடங்கு என்பதால், 5-க்கும் 12-க்கும் இடையே ஒரு கோடி மடங்கு வித்தியாசம். சூடான பாத்திரம் பட்டால் உடனே சுடும், கையை இழுத்துக்கொள்வோம். காரம் அப்படியல்ல. தோலின் கொழுப்பைச் சோப்பாக மாற்றி, புரதத்தைக் கரைத்துக்கொண்டு மெல்ல உள்ளே இறங்கும். வலி தெரிவதற்குள் பல மணி நேரம் ஓடிவிடும். அதனால் "எரியவில்லை, ஒன்றும் ஆகாது" என்ற கணக்கு இங்கே செல்லாது. எவ்வளவு நேரம் தோலில் இருந்தது என்பதுதான் கணக்கு.

முதல் வேலை: போட்டுக்கொள்வது. நைட்ரைல் அல்லது ரப்பர் கையுறை வேண்டும். துணிக் கையுறை கலவையை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும், வெறுங்கையைவிட அது மோசம். சட்டைக் கையைக் கையுறையின் மேலே விடுங்கள், பேண்டைக் கம்பூட்டுக்கு வெளியே விடுங்கள். அப்போது வழிவது உள்ளே இறங்காது. பூச்சு வேலையிலோ தரை வேலையிலோ முழங்காலிட வேண்டியிருந்தால் கீழே தண்ணீர் புகாத பலகையோ முட்டிக்கவசமோ வேண்டும். நனைந்த பேண்டோடு முட்டி போடுவதால்தான் முழங்காலில் ஆழமான புண் வருகிறது. எண்ணெய் தடவிக்கொண்டு வெறுங்கையால் கலவையைத் தொடும் பழக்கத்தை நம்ப வேண்டாம்.

இரண்டாவது: தண்ணீர். கலவை போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே கழுவுவதற்கென்று தனியாக நல்ல தண்ணீர் வைக்கச் சொல்லி மேஸ்திரியிடம் கேளுங்கள். கரண்டியும் பாண்டும் அலசிய தொட்டித் தண்ணீரில் கை கழுவாதீர்கள், அதுவே சுண்ணாம்புத் தண்ணீர்தான். டீ நேரத்தில் முதலில் கையுறையின் வெளிப்பக்கத்தைக் கழுவி, பிறகு கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உள்ளே ஈரமான கையுறையைத் திரும்ப மாட்டக் கூடாது. மோதிரம், கயிறு, கைக்கடிகாரம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். அதன் அடியில் தங்கும் கலவை யார் கண்ணுக்கும் தெரியாது.

மூன்றாவது: உள்ளே போய்விட்டால். வேலையை நிறுத்துங்கள். பூட்ஸையும் நனைந்த துணியையும் கழற்றுங்கள். காய்ந்த தூளை முதலில் தட்டிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். பற்பசை, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். தோல் நிறம் மாறினாலோ கொப்புளம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய், சிமெண்ட் பட்டது, இத்தனை மணி நேரம் இருந்தது என்று சொல்லுங்கள். பார்க்கச் சின்னதாக இருக்கும் புண் ஆழமாக இருக்கலாம்.

கண்ணில் தெறித்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. இமையை விரித்துப் பிடித்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், பிறகு கண் மருத்துவரிடம் ஓடுங்கள். சுண்ணாம்புத் துணுக்கு இமைக்கு அடியில் ஒட்டினால் பார்வையே போகலாம். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது கண்ணாடி அணிந்து, தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்புக் குவியலில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

இதெல்லாம் ஒரே நாளில் வரும் புண். மாதக்கணக்கில் விரலிடுக்கு அரித்து, வெடித்து, வேலைக்குப் போகாத நாட்களில் ஆறி, போனதும் திரும்ப வந்தால் அது வேறு கதை. சிமெண்டில் சிறிதளவு உள்ள ஆறிணைதிறக் குரோமியம் என்ற உலோகச் சேர்மத்துக்கு உடல் ஒவ்வாமை கொண்டிருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் இதற்கு உச்சவரம்பு உண்டு: பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. இந்த ஒவ்வாமை வந்தபின் துளி பட்டாலும் அரிப்பு கிளம்பும், பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து உறுதிப்படுத்துவார். ஒவ்வாமை என்று தெரிந்தால் தோல் கையுறை, தோல் செருப்பையும் விட்டுவிடுங்கள். பெரும்பாலான தோல் குரோமியம் போட்டுத்தான் பதனிடப்படுகிறது.