பெட்டியை ஸ்கேன் செய்யும் முன் இலக்கங்களை எண்ணுங்கள்

சரக்கு வரவு வைக்கும்போது, பார்கோடின் கீழுள்ள எண்ணில் எத்தனை இலக்கங்கள் என்று முதலில் பாருங்கள். 13 இலக்கம் பெரும்பாலும் ஒற்றைப் பொருளின் குறியீடு. 14 இலக்கமும் சுற்றிலும் தடித்த கறுப்புச் சட்டமும் இருந்தால் அது வழக்கமாக முழுப் பெட்டிக்குரியது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையிட்ட கட்டுகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். உள்ளே இருக்கும் பாட்டிலின் பார்கோடும் வெளியே தெரிவதால் ஸ்கேனர் அதையே படித்துவிடும். 24 பாட்டில் கொண்ட 10 கட்டுகள் வந்தால் 240 என்று ஏற வேண்டிய இருப்பு, வெறும் 10 என்று ஏறும். முதல் கட்டை ஸ்கேன் செய்ததும் திரையில் 24 கூடியதா, 1 கூடியதா என்று பார்த்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

பெட்டிக்குள் எத்தனை என்பது மென்பொருளில் முன்பே பதிவாகியிருந்தால்தான் இது பலிக்கும். பிரித்த பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றும்போது பெட்டிக் குறியீட்டைத் தொடவே வேண்டாம்: உள்ளே 17 மட்டுமே இருந்தாலும் அது 24 என்றே கணக்கிடும். ஒரு பாட்டிலை ஸ்கேன் செய்து, 17 என்று கையால் உள்ளிடுங்கள்.