உழவர் சந்தை கடைக்கு தினமும் மாத்துற விலைப்பலகை, வீட்டுலயே செய்றது எப்படி

எங்க அப்பா உழவர் சந்தைல கீரையும் காயும் விக்கிறாங்க, இத்தனை வருஷமும் சிலேட்டும் சாக்பீஸும்தான். பிரச்சனை என்னன்னா காலைல கீரைக்கு தண்ணி தெளிச்சா சிலேட்டுல எழுதுனது பாதி அழிஞ்சிடும், அப்புறம் 3 ஆ 8 ஆன்னு வர்றவங்க கேட்டுக்கிட்டே இருப்பாங்க. ஒரு நாள் சின்ன வெங்காயத்துக்கு 40ன்னு போட்டு பக்கத்துல பொடி எழுத்துல அரை கிலோன்னு எழுதியிருந்தாங்க, ஒரு அக்கா 2 கிலோ எடுத்துட்டு 80 ரூபாய நீட்ட, அப்பா 160 கேக்க, பெரிய வாக்குவாதமாயிடுச்சு. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல, போர்டு மேலதான் தப்பு. அதுக்கப்புறம் உக்காந்து செஞ்ச போர்டு இது, நாலு தடவ மாத்தி மாத்தி செஞ்சு இப்பதான் சரியா வந்திருக்கு, அதனால அளவோட சொல்றேன்.

முதல்ல ஏன் கார்டு மாத்துற மாதிரி வேணும்னு சொல்லிடுறேன். உழவர் சந்தை 1999 நவம்பர் 14 மதுரைல ஆரம்பிச்சதுல இருந்தே அங்க விலைய தினமும் காலைல மொத்த விலையையும் வெளிக்கடை விலையையும் பாத்துதான் நிர்ணயம் பண்றாங்க, மொத்த விலைய விட ஒரு 20 சதவீதம் கூட, சில்லறை விலைய விட ஒரு 15 சதவீதம் கம்மின்னு கணக்கு. அதனால நேத்து விலை இன்னைக்கு இருக்காது. அதுபோக பத்து மணிக்கு மேல கீரை வாட ஆரம்பிச்சா நாமளே கட்டுக்கு அஞ்சு ரூபா குறைச்சிதான் தள்ளணும். ஆக ஒரே நாள்ல ரெண்டு தடவ மாத்த வேண்டியிருக்கும், அதுவும் ஈரக் கையோட, காலைல அஞ்சு மணி இருட்டுல.

வாங்க வேண்டியது

ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைல சன்போர்டு கேளுங்க. 5 எம்எம் கனத்துல 2 அடிக்கு 2 அடி ஒண்ணு, அப்புறம் 3 எம்எம் கனத்துல வெட்டுனது மிச்சம் ஏதாவது 2 அடி நீளத்துல இருந்தா அது. வெள்ளைதான் வேணும், கருப்பு வாங்கினா வெயில்ல வளைஞ்சிடும். சன்பேக்னு ஒண்ணு இருக்கும், உள்ள குழாய் குழாயா ஓட்டை இருக்குமே அது, விலை கம்மியா இருக்குன்னு அத வாங்கிடாதீங்க, அதுல டேப் பிடிக்கவே பிடிக்காது, என் முதல் போர்டு ரெண்டே நாள்ல பட்டை பட்டையா உரிஞ்சு வந்துச்சு. இது கூட 12 எம்எம் அகலத்துல ரெண்டு பக்கமும் ஒட்டுற ஃபோம் டேப், கட்டர், இரும்பு ஸ்கேல். அவ்வளவுதான்.

போர்டோட சூட்சுமம்

ஷோகேஸ்ல கண்ணாடிக் கதவு எப்படி மாட்டியிருக்குன்னு பாத்திருப்பீங்க, மேல இருக்கிற பள்ளம் ஆழமா இருக்கும், கீழ இருக்கிறது ஆழம் கம்மி. கதவ மேல தூக்கி உள்ள தள்ளி கீழ இறக்குனா உக்காந்துக்கும், எடுக்கணும்னா மறுபடி தூக்கணும். அதே வேலைதான் இங்கயும். கார்ட மேல தூக்கி சொருகி கீழ விட்டா ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கும், காத்தடிச்சாலும் விழாது, ஆனா ஒரு விரலால மேல தள்ளினா கைக்கு வந்துடும். நான் முன்ன கீழ மட்டும் பாக்கெட் வச்சு செஞ்சேன், ஆடி மாசக் காத்துல கார்டெல்லாம் பறந்து பக்கத்து கடை கத்தரிக்காய் மேல கெடந்துச்சு.

3 எம்எம் சன்போர்ட 2 அடி நீளம், 32 எம்எம் அகலம்னு அஞ்சு பட்டையா வெட்டுங்க. ஒரே இழுப்புல வெட்டப் பாக்காதீங்க, ஸ்கேல அழுத்தி வச்சு லேசா நாலஞ்சு தடவ கீறுங்க. ஒவ்வொரு பட்டைக்கும் பின்னாடி மேல் விளிம்புல இருந்து 6 எம்எம் விட்டு ஃபோம் டேப் ஒட்டுங்க. டேப் 12 எம்எம், அப்ப கீழ 14 எம்எம் சும்மா இருக்கும். மேல இருக்கிற 6 எம்எம் மேல் வரிசைக்கு கீழ்ப் பள்ளம், கீழ இருக்கிற 14 எம்எம் அடுத்த வரிசைக்கு மேல் பள்ளம், ஒரே பட்டை ரெண்டு வேலை செய்யுது. போர்டோட உச்சிக்கு 26 எம்எம்ல ஒரு பட்டை, அதுல டேப் மேல் விளிம்ப ஒட்டியே வரணும். அடிக்கு 18 எம்எம்ல ஒண்ணு, அதுல டேப் கீழ் விளிம்ப ஒட்டி. மொத்தம் ஏழு பட்டை, ஆறு வரிசை.

இப்ப ரொம்ப முக்கியமான ஒரு அளவு, ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவுல கண்ணுக்கு தெரியிற இடைவெளி 58 எம்எம். ஸ்கேல் வச்சு ஒவ்வொரு தடவையும் அளக்காதீங்க, 58 எம்எம் அகலத்துல ஒரு துண்டு வெட்டி வச்சுக்கிட்டு அத நடுவுல வச்சு வச்சு அடுத்த பட்டைய ஒட்டிக்கிட்டே போங்க. அடில இருந்து மேல ஒட்டிக்கிட்டு வந்தா உச்சில கிட்டத்தட்ட 6 செமீ மிச்சம் இருக்கும், கடை நம்பர் எழுத அது போதும். கார்டு உயரம் 70 எம்எம். இடைவெளி 4 எம்எம் கூடிட்டா மேல் பிடி ரொம்ப கம்மியாகி தட்டினாலே கார்டு விழுந்துடும், 3 எம்எம் குறைஞ்சா எவ்வளவு தூக்கினாலும் உள்ள போகாது. பட்டைய தலைகீழா ஒட்டினாலும் இதே கதைதான், அதனால முதல் ரெண்டு பட்டை ஒட்டினதும் ஒரு அட்டைய 70 எம்எம் உயரத்துக்கு வெட்டி போட்டு பாத்துட்டு மேல போங்க. வரிசையோட ரெண்டு ஓரத்துலயும் பட்டைக்கு பின்னாடி சின்னதா டேப் வச்சு அடைச்சிடுங்க, கார்டு பக்கவாட்டுல நழுவாது. ஒட்டி முடிச்சு ஒரு ராத்திரி அப்படியே படுக்க வச்சு மேல நாலு புத்தகத்த வைங்க.

கார்டுகள்

ஒரு வரிசைல பேர் கார்டு 24 செமீ, எண் கார்டு 6 செமீ வீதம் மூணு, அளவு கார்டு 14 செமீ. எல்லாம் சேந்து 56.

எண் கார்ட கம்ப்யூட்டர்ல Noto Sans Tamil எழுத்துரு, Bold, 200 சைஸ்னு வச்சா எண்ணு கிட்டத்தட்ட 5 செமீ உயரம் வரும். போர்டு எழுதுறவங்க ஒரு அங்குல எழுத்துக்கு பத்தடி தூரம்னு கணக்கு சொல்வாங்க, அப்ப இது இருபது அடில நடந்து போறவங்களுக்கும் தெரியும். 0 பத்து, 5 ஆறு, 2 4 6 8 எல்லாம் அஞ்சஞ்சு, 1ம் 3ம் நாலு நாலு, 7ம் 9ம் ரெண்டு ரெண்டு. விலை பெரும்பாலும் இரட்டைப்படைலயோ 0, 5லயோ முடியிறதால இந்த கணக்கு ஆறு வரிசைக்கு போதும். இதோட ₹ போட்ட கார்டு ஆறு, விலை ரெண்டு இலக்கமா இருந்தா முதல் இடத்துல ₹ கார்டு, 110ன்னு மூணு இலக்கம் வந்தா அந்த இடத்துல 1. தடிமனான பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, பேப்பர சுத்தி 3 எம்எம் சின்னதா வெட்டி, அதுக்கப்புறம்தான் லேமினேட் பண்ணணும். லேமினேட் பண்ணிட்டு வெட்டினா ஓரம் திறந்துக்கும், கீரைத் தண்ணி உள்ள போய் ஒரே வாரத்துல உப்பிடும். பளபளன்னு இருக்கிற ஷீட் வேணாம், மேட் கேளுங்க, லைட்டு பட்டா கண்ணு கூசும்.

6ம் 9ம் தலைகீழா மாட்டினா அவ்வளவுதான், 60 ரூபா தக்காளி 90 ஆயிடும். அதனால எல்லா கார்டுலயும் வலது மேல் மூலைய மட்டும் லேசா சாய்ச்சு வெட்டிடுங்க, பேப்பர தொடாம லேமினேஷன் ஓரத்துல மட்டும். இருட்டுல விரல் வச்சே எது மேல்னு தெரிஞ்சிடும்.

அளவு கார்டு

இதுக்குத்தான் இந்த போர்டே. கிலோவ 110 சைஸ் தடிமன் எழுத்துல, எண்ணுக்கு சமமா கண்ணுல அறையிற மாதிரி போடுங்க. 250 கிராம்னு எண்ணுல போடவே கூடாது, விலை 30க்கு பக்கத்துல 250 வந்தா தூரத்துல இருந்து பாக்குறவங்களுக்கு 30250 மாதிரி தெரியும். "கால் கிலோ", "அரை கிலோ"ன்னு எழுத்துல, ரெண்டு வரியா, 70 சைஸ்ல போடுங்க. கிலோவுக்கு வெள்ளை, கால் கிலோவுக்கும் அரை கிலோவுக்கும் மஞ்சள், கட்டுக்கு இளம்பச்சை, ஒண்ணுன்னு விக்கிற சுரைக்காய் தேங்காய்க்கு இளநீலம். எழுத்து எல்லாத்துலயும் கருப்புதான். எழுத்துரு பட்டியல்ல Bold விட தடியா Black இருக்கும், அது வேணாம், கட்டுல வர்ற புள்ளி எழுத்தோட ஒட்டிக்கிட்டு ஒரே திட்டா தெரியும்.

முடிஞ்ச வரைக்கும் எல்லாத்தையும் கிலோவுலயே போடுங்க. பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய்க்கு மட்டும்தான் நாங்க கால் கிலோ வச்சிருக்கோம், ஏன்னா யாரும் கிலோவா வாங்குறதில்ல. எடை விஷயத்துல 2009 சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கு, படி, வீசைன்னு பழைய அளவுல விலை போட முடியாது.

ஒரு நாள் எப்படி ஓடுது

முந்தாநாள் தக்காளி 28, நேத்து காலைல 34ன்னு சொன்னாங்க. கார்டு ரெண்டையும் தூக்கி எடுத்துட்டு 3, 4 சொருகினா முடிஞ்சது, பேரும் கிலோவும் அப்படியே நிக்குது. அரைக்கீரை ₹ 1 5 கட்டுன்னு இருந்துச்சு, பத்தே காலுக்கு 5 மட்டும் எடுத்து 0 போட்டாங்க, ஒரே கார்டு. வெண்டைக்காய் தீந்ததும் எண்ண மட்டும் எடுக்காம பேர் கார்டையும் சேத்து எடுத்துடணும், விலை இல்லாம பேர் மட்டும் நின்னா இருக்கா இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க.

போர்ட அப்பாவுக்கு நேர் பின்னாடி மாட்டினோம், அவங்க தலையே நாலு வரிசைய மறைச்சிடுச்சு. இப்ப தராசு இருக்கிற பக்கம், நிக்கிறவங்க கண்ணு உயரத்துல, நாலு மூலையும் நைலான் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கு, மேல மட்டும் கட்டினா காத்துக்கு படபடன்னு அடிக்கும். சாயங்காலம் வீட்டுல கார்ட ஈரத்துணி வச்சு தொடச்சு, பழைய ஸ்வீட் டப்பால அட்டை தடுப்பு வச்சு 0ல இருந்து 9 வரைக்கும் பிரிச்சு அடுக்கி வைக்கிறது தங்கச்சி வேலை. அது கலைஞ்சா மட்டும்தான் காலைல லேட்டாகுது.